மார்ஷலுக்குக் கிடைத்த ஓய்வு

1877 ஜூலையில் லண்டனை அடுத்த விம்பிள்டனில் முதன்முதலாக ஒரு டென்னிஸ் போட்டி நடந்தது. பெயர் கொடுத்தவர்கள் 22 பேர். தோற்றவர் வெளியே போக வேண்டும் என்ற நாக் அவுட் முறை. முதல் சுற்றில் 11 ஜோடிகள். அதில் ஒருவருக்கு எதிராளி வரவே இல்லை என்பதால் ஆடாமலே வெற்றி கொடுத்தார்கள். இரண்டாம் சுற்றுக்கு 11 பேர் மிஞ்சினார்கள். ஜோடி சேர்த்தால் ஒருவர் தனியாக நிற்கிறார். அவருக்கு 'பை' கொடுத்து அடுத்த சுற்றுக்கு அனுப்பினார்கள். அடுத்து ஆறு பேர், அதற்கடுத்து மூன்று பேர். அரையிறுதியில் மூவர் என்றால் மறுபடியும் ஒருவர் தனி. ஸ்பென்ஸர் கோர் என்பவரும் ஹீத்கோட் என்பவரும் அரையிறுதி ஆடினார்கள். வில்லியம் மார்ஷல் ஆடாமலே இறுதிப் போட்டிக்குப் போனார். இறுதியில் கோர் நேர் செட்களில் வென்றார் என்பதால் யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. மார்ஷல் வென்றிருந்தால், அரையிறுதியே ஆடாதவர் முதல் விம்பிள்டன் சாம்பியன் என்று எழுத வேண்டி வந்திருக்கும்.

ஊர்ப் போட்டிகளுக்கு அட்டவணை போட உட்காரும் யாருக்கும் இந்தச் சிக்கல் வரும். பதினோரு வாலிபால் அணிகள் நுழைவுக் கட்டணம் கட்டியிருக்கும். எத்தனை ஆட்டம், எத்தனை சுற்று, யாருக்கு பை என்று கேட்டால், பெரும்பாலான இடங்களில் ஜோடி ஜோடியாகப் பெயரை எழுதிக்கொண்டே போய், மிஞ்சுகிறவரை அந்தந்தச் சுற்றில் சும்மா விட்டுவிடுகிறார்கள். விம்பிள்டனில் செய்ததும் அதைத்தான்.

முதலில் எளிதான கேள்வியை எடுத்துக்கொள்வோம். 22 பேர் ஆடிய போட்டியில் மொத்தம் எத்தனை ஆட்டம்? சுற்று சுற்றாகக் கூட்டினால் 11, 5, 3, 1, 1 என்று 21 வரும். ஆனால் கூட்டவே தேவையில்லை. ஒரு ஆட்டம் முடிந்தால் ஒரே ஒருவர் வீட்டுக்குப் போகிறார். கடைசியில் ஒருவர்தான் நிற்க வேண்டும் என்றால் 21 பேர் போயாக வேண்டும். ஆகவே 21 ஆட்டம். எந்த வரிசையில் ஆடினாலும், யாருக்கு எங்கே பை கொடுத்தாலும் இது மாறாது. இன்றைய விம்பிள்டன் ஒற்றையர் பிரிவில் 128 பேர், ஆட்டங்கள் 127. அமெரிக்காவின் இந்தியன் வெல்ஸ் போட்டியில் 96 பேர், ஆட்டங்கள் 95. மூன்றாம் இடத்துக்குத் தனியாக ஓர் ஆட்டம் வைத்தால் மட்டும் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும், அதில் தோற்பவர் ஏற்கெனவே ஒரு முறை தோற்றவர் என்பதால்.

சுற்றுகளின் கணக்கு வேறு. ஒவ்வொரு சுற்றிலும் ஆட்கள் பாதியாகக் குறைகிறார்கள். இறுதியில் இருவர், அரையிறுதியில் நால்வர், கால் இறுதியில் எட்டுப் பேர், அதற்கு முன் 16, அதற்கும் முன் 32. உங்களிடம் இருக்கும் அணிகளின் எண்ணிக்கை இந்த இரட்டிப்பு வரிசையில் எந்தப் படிக்குள் அடங்குகிறது என்று பார்த்தால் போதும். 22 என்பது 16-ஐத் தாண்டிவிட்டது, 32-க்குள் அடங்குகிறது. 2-ஐ ஐந்து முறை பெருக்கினால் 32. ஆகவே ஐந்து சுற்று. கடைசி நேரத்தில் ஓர் அணி வேனில் வந்து இறங்கி "எங்களையும் சேத்துக்குங்கண்ணே" என்று நிற்கும்போது இந்தக் கணக்கு கைகொடுக்கும். 11 அணிகள் இருக்கும்போது பன்னிரண்டாவது வந்தால் ஓர் ஆட்டம் கூடுமே தவிர, சுற்று கூடாது. 16 வரைக்கும் அப்படித்தான். பதினேழாவது அணியைச் சேர்த்தால் மட்டும் ஒரு முழுச் சுற்று கூடிவிடும். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இனி பை. மார்ஷலுக்குக் கிடைத்த ஓய்வின் அளவு என்ன என்பதைச் சரியாகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பை கிடைத்தவருக்கு எதிரே ஆள் இல்லை என்று நினைக்காமல், எதிரே ஒரு வெற்றுப் பெயர் இருக்கிறது, அது தோற்றுப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் ஒரு பை என்றால் அட்டவணையில் ஒரு வெற்றுப் பெயர். இரண்டாம் சுற்றில் ஒருவருக்கு எதிரே வெற்றுப் பெயர் நிற்கிறது என்றால், அது முதல் சுற்றில் யாரையோ ஜெயித்து வந்திருக்க வேண்டும். வெற்றுப் பெயர் ஜெயிக்கக்கூடியது இன்னொரு வெற்றுப் பெயரை மட்டும்தான். ஆகவே இரண்டாம் சுற்றில் ஒரு பை கொடுத்தால், முதல் சுற்றில் இரண்டு இடங்களைக் காலியாக விட்டதாகப் பொருள். மூன்றாம் சுற்றில் கொடுத்தால் நான்கு. நான்காம் சுற்றில் கொடுத்தால் எட்டு.

இதை 1877-க்குப் பொருத்திப் பாருங்கள். 22 பேரை 32 இடங்கள் உள்ள அட்டவணையில் வைத்தால் 10 இடங்கள் காலி. விம்பிள்டனில் கொடுத்த பை இரண்டே இரண்டு. இரண்டாம் சுற்றில் கொடுத்தது இரண்டு காலி இடங்களுக்குச் சமம். நான்காம் சுற்றான அரையிறுதியில் மார்ஷலுக்குக் கொடுத்தது எட்டு இடங்களுக்குச் சமம். இரண்டும் எட்டும் பத்து. கணக்கு கச்சிதமாக நேராகிவிடுகிறது. ஆனால் நியாயம் நேராகவில்லை. அட்டவணையின் கால் பகுதியை, எட்டு இடங்களையும், ஆளே இல்லாமல் காலியாக விட்டு, அதை ஒரே ஒருவருக்கு எதிரே வைத்துவிட்டார்கள்.

இங்கேதான் பலர் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். சுற்றுக்குச் சுற்று ஜோடி சேர்த்தால் இரண்டு பை போதும். முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் கொடுத்தால் பத்து பை கொடுக்க வேண்டும். "ரெண்டு பேருக்குச் சலுகை குடுக்கிறதா, பத்துப் பேருக்கா?" என்று ஒரு கமிட்டியில் என்னைக் கேட்டார்கள். பத்துதான் சரி. முதல் சுற்றுப் பையில் கிடைப்பது, இன்னும் யாரென்று தெரியாத ஒரு சாதாரண எதிராளியிடமிருந்து ஓய்வு. அரையிறுதிப் பையில் கிடைப்பது, மூன்று பேரை வென்று வந்த பலசாலியிடமிருந்து ஓய்வு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். பத்து வெற்றுப் பெயர்களையும் பத்து வெவ்வேறு ஆட்களுக்கு எதிரே பரப்பிவிட்டால், இரண்டு வெற்றுப் பெயர்கள் ஒன்றையொன்று சந்திக்கவே சந்திக்காது. மீதி 12 பேர் முதல் சுற்றில் ஆறு ஆட்டம் ஆடுவார்கள். ஆறு பேர் மிஞ்சுவார்கள். பை வாங்கிய பத்துப் பேருடன் சேர்ந்து சரியாக 16. அதன்பின் 8, 4, 2, 1 என்று எந்தத் தனி ஆளும் மிஞ்சாமல் போய்விடும். மொத்தம் கூட்டிப் பாருங்கள்: 6, 8, 4, 2, 1. அதே 21 ஆட்டம், அதே ஐந்து சுற்று. மாறியது ஓய்வு விழும் இடம் மட்டும்தான். இந்த முறையை 1880-களில் விம்பிள்டனுக்குள் கொண்டுவந்தவர் பேக்னல் வைல்ட் என்ற ஆட்டக்காரர். இன்று உலகம் முழுக்க அதுதான் வழக்கம்.

நம் உடற்கல்விப் புத்தகங்களில் இந்தப் பைகளை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு வரிசை சொல்லிக்கொடுக்கிறார்கள். பதினோரு அணிகளை வைத்து அதைச் செய்து பார்ப்போம். 11-க்கு மேலே உள்ள படி 16. வித்தியாசம் ஐந்து; ஆகவே ஐந்து பை. சீட்டுக் குலுக்கி அணிகளுக்கு 1 முதல் 11 வரை எண் கொடுத்தாயிற்று. மேல் பாதியில் ஆறு அணிகள், 1 முதல் 6 வரை. கீழ்ப் பாதியில் ஐந்து அணிகள், 7 முதல் 11 வரை. முதல் பை கீழ்ப் பாதியின் கடைசி அணிக்கு, அதாவது 11-க்கு. இரண்டாவது மேல் பாதியின் முதல் அணியான 1-க்கு. மூன்றாவது கீழ்ப் பாதியின் முதல் அணியான 7-க்கு. நான்காவது மேல் பாதியின் கடைசி அணியான 6-க்கு. ஐந்தாவது மறுபடி கீழே போய், கடைசிக்கு முந்திய 10-க்கு.

பை இல்லாதவை 2, 3, 4, 5, 8, 9. முதல் சுற்றில் மூன்றே ஆட்டம்: 2-க்கும் 3-க்கும், 4-க்கும் 5-க்கும், 8-க்கும் 9-க்கும். கால் இறுதியில் முதல் ஆட்டத்தில் வென்றவர் 1-உடனும், இரண்டாவதில் வென்றவர் 6-உடனும், மூன்றாவதில் வென்றவர் 7-உடனும் மோதுவார்கள். 10-உம் 11-உம் ஒன்றோடொன்று மோதும். மேல் பாதியிலிருந்து நால்வர், கீழ்ப் பாதியிலிருந்து நால்வர். ஆட்டங்கள் 3, 4, 2, 1, மொத்தம் பத்து. அட்டவணை சரியா என்று பார்க்க இரண்டு சோதனைகள் போதும். மொத்த ஆட்டம் அணிகளைவிட ஒன்று குறைவாக இருக்கிறதா, இரண்டாம் சுற்றில் நிற்பவர்கள் 2, 4, 8, 16 என்ற வரிசையில் ஓர் எண்ணாக இருக்கிறார்களா. இரண்டில் ஒன்று தவறினாலும் எங்கோ ஒரு பை இடம் மாறியிருக்கிறது.

பைகளை ஒழுங்காக வைத்துவிட்டாலும் நாக் அவுட்டின் ஒரு குறை அப்படியே இருக்கும். அதை 1883-இல் அச்சிட்ட ஒரு சிறு நூலில் எடுத்துக் காட்டியவர் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்த சார்லஸ் டாட்ஜ்சன். 'லூயிஸ் கரோல்' என்ற பெயரில் ஆலிஸ் கதைகளை எழுதியவர் அவர்தான். அவருடைய வருத்தம் இரண்டாம் பரிசைப் பற்றியது. 32 பேர் ஆடுகிறார்கள், திறமையில் மேலானவர் எப்போதும் வெல்வார் என்றே வைத்துக்கொள்வோம். முதல் பரிசு சரியான ஆளுக்குத்தான் போகும். இரண்டாம் பரிசு? உண்மையில் இரண்டாவது சிறந்த ஆட்டக்காரர் முதல்வர் இருக்கும் அதே பாதியில் விழுந்துவிட்டால் இறுதிக்கு முன்பே தோற்றுவிடுவார். முதல்வரைத் தவிர மீதி இருக்கும் 31 இடங்களில் எதிர்ப் பாதியில் இருப்பவை 16. ஆக 31-க்கு 16 வாய்ப்பு, கிட்டத்தட்டப் பூவா தலையா போட்டுப் பார்ப்பது போல. பலசாலிகளைக் குலுக்கலில் விடாமல் முன்கூட்டியே வெவ்வேறு பகுதிகளில் வைக்கும் 'சீடிங்' முறைக்கு இதுதான் காரணம். விம்பிள்டனில் திறமையை வைத்து சீடிங் செய்வது 1927-இல் வந்தது. பைகளையும் சீடு பெற்றவர்களுக்கே கொடுப்பது இன்றைய வழக்கம்; இந்தியன் வெல்ஸில் 96 பேரில் சீடு பெற்ற 32 பேருக்கும் முதல் சுற்றில் பை.

இந்தக் குறையே வேண்டாம், எல்லோரும் எல்லோருடனும் ஆடட்டும் என்றால் அது லீக். ரவுண்ட் ராபின் என்பதும் அதைத்தான். இங்கே ஆட்டக் கணக்கு: ஒவ்வொரு அணியும் தன்னைத் தவிர மற்ற எல்லாருடனும் ஆடுகிறது, ஒரே ஆட்டத்தை இரு அணிகளும் எண்ணுவதால் பாதியாக்க வேண்டும். அணிகள் n என்றால் n(n-1)/2. நம் பதினோரு அணிக்கு 11-ஐ 10-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 55. நாக் அவுட்டில் பத்தே ஆட்டத்தில் முடிந்தது இங்கே ஐந்தரை மடங்காகிவிட்டது. இருபது அணிகள் தம் ஊரிலும் எதிரணி ஊரிலுமாக இரு முறை மோதும் இங்கிலீஷ் பிரீமியர் லீக்கில் பாதியாக்கத் தேவையில்லை. 20-ஐ 19-ஆல் பெருக்கினால் 380.

எண்ணிக்கை எளிது, அட்டவணைதான் கஷ்டம். அதற்கு ஒரு சுழற்சி முறை உண்டு. ஐந்து அணிகளை எடுத்துக்கொள்வோம். ஒற்றைப்படை என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் சும்மா இருக்க வேண்டும். 'பை' என்பதையே ஆறாவது அணியாகச் சேர்த்துவிடுங்கள். மேல் வரிசையில் பை, 1, 2. கீழ் வரிசையில் 5, 4, 3. மேலும் கீழும் நேராக இருப்பவர்கள் மோத வேண்டும். அடுத்த சுற்றுக்கு 'பை' நகராமல் மூலையில் இருக்கட்டும். மற்ற ஐந்தும் கடிகாரம் சுற்றும் திசையில் ஓர் இடம் நகரட்டும். இப்படி ஐந்து முறை:

முதல் சுற்று: 1–4, 2–3 (5-க்கு ஓய்வு)
இரண்டாம் சுற்று: 5–3, 1–2 (4-க்கு ஓய்வு)
மூன்றாம் சுற்று: 4–2, 5–1 (3-க்கு ஓய்வு)
நான்காம் சுற்று: 3–1, 4–5 (2-க்கு ஓய்வு)
ஐந்தாம் சுற்று: 2–5, 3–4 (1-க்கு ஓய்வு)

மொத்தம் பத்து ஆட்டம், யாரும் யாரையும் இரண்டு முறை சந்திக்கவில்லை, ஒவ்வொருவருக்கும் ஒரே ஓர் ஓய்வு. அணிகள் இரட்டைப்படையாக இருந்தால் பை வேண்டாம், ஏதாவது ஓர் அணியை மூலையில் நிறுத்திக்கொள்ளலாம். சுற்றுகள் அணிகளைவிட ஒன்று குறைவு. ஒற்றைப்படை என்றால் அணிகள் எத்தனையோ அத்தனை சுற்று. வழக்கமாக நடக்கும் தவறு, மூலையில் இருப்பதையும் சேர்த்துச் சுற்றிவிடுவது. ஆறு இடங்களில் அப்படிச் செய்தால் நான்காவது சுற்றில் முதல் சுற்றின் ஜோடிகளே திரும்ப வந்து நிற்கும். அதைக் கண்டதும் முழுதாகக் கிழித்துப் போட்டுவிட்டு, ஓர் இடத்தை நிறுத்திவைத்துத் தொடங்குவதே நல்லது.

மேலே உள்ள ஐந்தாம் சுற்றை இன்னொரு முறை பாருங்கள். 1-ஆம் அணி தன் ஆட்டங்களை எல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. மீதி நான்கு அணிகளுக்கும் அதன் புள்ளி எவ்வளவு என்று தெரியும். தமக்கு என்ன முடிவு வந்தால் போதும் என்பதும் தெரியும். லீக்கில் பையின் ஆபத்து இங்கே இருக்கிறது. 1982 உலகக் கோப்பைக் கால்பந்தில், ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் இது நடந்தது. அங்கே பை இல்லை, நான்கு அணிப் பிரிவுதான். ஆனால் அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முந்தின நாளே முடித்துவிட்டது. மறுநாள், ஜூன் 25 அன்று, மேற்கு ஜெர்மனி ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் ஆஸ்திரியாவை வென்றால் இரு அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போகும், அல்ஜீரியா வெளியேறும். ஜெர்மனி தொடக்கத்திலேயே ஒரு கோல் அடித்தது. அதற்குப் பிறகு இரு அணிகளும் பந்தைத் தங்களுக்குள்ளேயே உருட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்தின. 1-0. முதல் ஆட்டத்தில் ஜெர்மனியையே வீழ்த்தியிருந்த அல்ஜீரியா ஊர் திரும்பியது. அடுத்த உலகக் கோப்பையிலிருந்து ஒவ்வொரு பிரிவின் கடைசி ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

ஆனால் பிரிவில் அணிகள் ஒற்றைப்படையாக இருந்தால் இந்த மருந்தும் பலிக்காது. ஒரே நேரத்தில் ஆடுவதற்கு எதிரணியே இல்லாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். 2026 உலகக் கோப்பையை 48 அணிகளாக்கும்போது ஃபிஃபா முதலில் போட்ட திட்டம், மூன்று மூன்று அணிகளாக 16 பிரிவுகள். பிரிவு ஆட்டம் 48, நாக் அவுட் 32, மொத்தம் 80. ஒவ்வொரு பிரிவிலும் ஓர் அணி கடைசிச் சுற்றில் சும்மா இருக்கும். பதினாறு பிரிவுகளிலும் ஹிஹோனுக்கு வாசல் திறந்திருக்கும். 2023 மார்ச்சில் அதைக் கைவிட்டு, நான்கு நான்காக 12 பிரிவுகளாக்கினார்கள். பிரிவு ஆட்டங்கள் 72 ஆயின, மொத்தம் 104. கடைசிச் சுற்றில் யாரும் சும்மா இருக்கக் கூடாது என்பதற்குக் கொடுத்த விலை 24 ஆட்டம்.

சதுரங்கத்தில் இதே கவலைக்கு வேறு தீர்வு வைத்திருக்கிறார்கள். 2024-இல் டொரான்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் எட்டுப் பேர், இரட்டை லீக், 14 சுற்று, 56 ஆட்டம். ஒரே நாட்டவர் முன்கூட்டியே மோதிவிட வேண்டும் என்பது விதி. கடைசியில் ஒருவர் தன் நாட்டவருக்கு விட்டுக்கொடுக்க இடம் வைக்கக் கூடாது. அதனால்தான் முதல் சுற்றிலேயே குகேஷ் விதித்துடனும், அமெரிக்கர்களான கருவானாவும் நகமுராவும் ஒருவரோடொருவரும் ஆடினார்கள். இரண்டாம் சுற்றிலேயே பிரக்ஞானந்தாவும் குகேஷும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். போட்டியை 9 புள்ளிகளுடன் குகேஷ் வென்றார்.

நம் பதினோரு அணிகளுக்குத் திரும்புவோம். ஒரு வாலிபால் ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் என்றால், நாக் அவுட்டின் பத்து ஆட்டம் ஒரு கோர்ட்டில் ஏழரை மணி நேரத்தில் முடியும். முழு லீக்கின் 55 ஆட்டத்துக்கு 41 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஊர்த் திருவிழாவில் அவ்வளவு நேரம் கிடைக்காது. இரண்டு பிரிவாக்கலாம். ஆறு அணிப் பிரிவில் 15 ஆட்டம், ஐந்து அணிப் பிரிவில் 10, பிறகு அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று, மொத்தம் 28. இரண்டு கோர்ட் இருந்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளில் அடங்கிவிடும், ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது நான்கு ஆட்டமாவது கிடைக்கும். நுழைவுக் கட்டணமும் வேன் வாடகையும் கொடுத்து வந்தவர்கள் ஒரே ஆட்டத்தில் தோற்று, சாப்பாட்டுக்கு முன்பே திரும்பிப் போவதை நான் விரும்புவதில்லை. ஆகவே நேரம் இருந்தால் இதைத்தான் போடுவேன்.

அப்போதும் ஐந்து அணிப் பிரிவின் கடைசிச் சுற்று இருக்கிறது. அந்த இரண்டு ஆட்டங்களையும் இரண்டு கோர்ட்டிலும் ஒரே விசிலில் தொடங்கச் சொல்வேன். ஓய்வில் இருக்கும் அணிக்கு அதற்கு மேல் பாதுகாப்பு கொடுக்க முடியாது. அதனால் சீட்டுக் குலுக்குவதற்கு முன்பே, எல்லாக் கேப்டன்களும் நிற்கும்போது சொல்லிவிடுவேன்: இந்தப் பிரிவில் 1 என்ற சீட்டை எடுக்கும் அணி நான்காவது சுற்றிலேயே தன் ஆட்டங்களை முடித்துவிடும், கடைசிச் சுற்று நடக்கும்போது அவர்கள் கோர்ட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.